மழையில் ரோடு பைக்: டயர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

மழையில் ரோடு பைக் ஓட்டுவதைப் பற்றி மூன்று பேச்சுகள் எப்போதும் காதில் விழும். டயர் மொட்டையாக இருக்கிறது, பட்டனே இல்லை, ஈரத்தில் வழுக்கிவிடும் என்பது ஒன்று. காற்றைப் பாதியாக இறக்கிவிட்டால் ரோட்டை நன்றாகக் கவ்வும் என்பது இன்னொன்று. டிஸ்க் பிரேக் போட்ட வண்டிக்கு மழையெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்பது மூன்றாவது. முதலாவது தவறு. மற்ற இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை, அந்த அளவு தெரியாமல் நம்பினால்தான் ஆபத்து.

ரோடு பைக் என்று இங்கே சொல்வது மோட்டார் பைக்கை அல்ல. ஒல்லி டயரும் கீழே வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள, தார் ரோட்டில் வேகமாகப் போவதற்கென்றே செய்த சைக்கிள். ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று போகிற சாலையில் விடியற்காலையில் இதை நிறையப் பார்க்கலாம். வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ரோடு இது. நமக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கிறது, அதனால் ஒன்பது மாதம் காய்ந்த ரோட்டில் ஓட்டிப் பழகிய கையோடு திடீரென்று ஈர ரோட்டில் இறங்குகிறோம்.

பிடிமானம் ஒரு குடம் தண்ணீர்

நம்ம மாவட்டத்தில் இதைப் புரியவைப்பது சுலபம். வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர்தான் என்றால் அதிலேதான் சமையலும், அதிலேதான் பாத்திரம் கழுவுவதும். சமையலுக்கு அதிகம் எடுத்தால் கழுவ மிஞ்சாது. டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிமானம் அந்தக் குடம் மாதிரி. பிரேக் பிடிக்கும்போது அதிலிருந்து எடுக்கிறோம், வளைவில் திரும்பும்போதும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் இரண்டும் சேர்ந்து குடத்தைக் காலி செய்துவிடும், அந்த நொடியில் டயர் வழுக்கும்.

மழையில் அந்தக் குடமே சின்னதாகிவிடுகிறது. வெயிலில் வளைந்துகொண்டே லேசாகப் பிரேக் பிடிப்பது தெரியாமலே நடந்துவிடும், ஒன்றும் ஆகாது. ஈரத்தில் அதே பழக்கம் ஆளைக் கீழே தள்ளும். அதனால் வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டபடி திரும்ப வேண்டும்.

ஈரத்தில் ரப்பர் எப்படிப் பிடிக்கிறது

ரப்பர் ரோட்டை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, ரப்பரும் தாரும் நேரடியாகத் தொட்டு ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச்சின்ன ஜல்லி முனைகளுக்கு மேலே ரப்பர் அமுங்கி, அதன் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி உருமாறி, அதில் மாட்டிக்கொள்வது. முதலாவதை ஒட்டுப்பிடி என்றும் இரண்டாவதை அமுக்குப்பிடி என்றும் வைத்துக்கொள்வோம், கட்டுரை முழுக்க இந்த இரண்டும் போதும்.

நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் ஒட்டுப்பிடி பெருமளவு போய்விடுகிறது, ரப்பர் தாரை நேராகத் தொடவே இல்லையே. அமுக்குப்பிடி அவ்வளவாகப் போவதில்லை, ஜல்லி முனை படலத்தைக் கிழித்துக்கொண்டு ரப்பருக்குள் பதிந்துவிடுகிறது. மழையில் நாம் விழாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இப்போது வழுக்கும் இடங்கள் எவை என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்கலாம். ரோட்டில் போட்ட வெள்ளைப் பெயிண்ட் கோடு வழவழப்பானது, அதில் ஜல்லி முனை இல்லை. தண்ணீர் பட்டதும் ஒட்டுப்பிடியும் போச்சு, அமுக்குப்பிடிக்கு வழியும் இல்லை. ரயில்வே கேட்டில் தண்டவாளம், பாலத்தின் இணைப்பு இரும்பு, சாக்கடை மூடி எல்லாமே இந்த வகைதான். இவற்றைக் கடக்கும்போது வண்டியை நேராக நிமிர்த்தி, தண்டவாளத்தைச் செங்குத்தாக வெட்டியபடி, பிரேக்கையும் தொடாமல் பெடலையும் அழுத்தாமல் உருள விட வேண்டும்.

முதல் மழையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் படிந்த புழுதி, லாரி ஒழுகவிட்ட எண்ணெய், டயர் தேய்ந்த கரி, மீன் வண்டியிலிருந்து சொட்டிக் காய்ந்த கசடு எல்லாம் ஜல்லி முனைகளுக்கு நடுவில் அடைந்து கிடக்கும். தூறல் விழுந்ததும் அது குழம்பாகி மேலே வரும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த ரோட்டை விட, இப்போதுதான் தூறிய ரோடு மோசமானது. நிறையப் பேர் தூறல்தானே என்று வேகத்தைக் குறைப்பதில்லை.

தனுஷ்கோடி ரோட்டில் இன்னொன்றும் உண்டு. இரண்டு பக்கமும் கடல், காற்று மணலை வாரி ரோட்டில் போடும். மணல் பரவிய இடத்தில் டயர் ரோட்டைத் தொடுவதில்லை, உருளும் மணலைத்தான் தொடுகிறது. அங்கே நேராகப் போவதைத் தவிர வேறு எதுவும் செய்யக்கூடாது.

சுருக்கமாக இதுவரை: ஈரத்தில் ஒட்டுப்பிடி போகும், அமுக்குப்பிடி நிற்கும். சொரசொரப்பான ரோட்டில் நம்பலாம், வழவழப்பு எதையும் நம்பக்கூடாது. பிரேக்கும் திருப்பமும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

அப்படியானால் மொட்டை டயர் ஒரு குறையா?

இல்லை. கார் டயரில் பட்டன் இருப்பது தண்ணீரை வெளியே தள்ள. கார் டயர் அகலம், அதன் அடிப்பகுதி தட்டை, அதிலுள்ள காற்றழுத்தமும் குறைவு. வேகமாகப் போகும்போது அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால் டயர் ரோட்டை விட்டு எழும்பி நீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும், அதற்கு நீர்மிதப்பு என்று பெயர். காற்றழுத்தம் கூடக்கூட இது நடப்பதற்கு வேண்டிய வேகமும் கூடும். ரோடு பைக் டயர் ஒல்லி, உருண்டை, அழுத்தமும் காரை விட இரண்டு மடங்குக்கும் மேல். கணக்குப் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில்தான் அது மிதக்கும், நாம் அந்த வேகத்துக்குப் போவதே இல்லை. அதனால் தண்ணீரைத் தள்ளப் பட்டன் தேவையில்லை. ஜல்லி முனைமேல் அமுங்க நிறைய ரப்பர் இருப்பதும், அந்த ரப்பர் மெத்தென்று இருப்பதும்தான் முக்கியம். பல வருஷம் வெயிலில் கிடந்து இறுகிப்போன டயர் பார்க்கப் புதுசு போலவே இருக்கலாம், மழையில் அது வழுக்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ நகத்தால் அழுத்தினால் கல் போல இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

காற்று எவ்வளவு இறக்கலாம்?

காற்றழுத்தத்தைப் பம்பில் பிஎஸ்ஐ என்ற அளவில் பார்ப்போம், ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் இருக்கிறது என்பது அது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, டயர் 25 மிமீ அகலம், பின்சக்கரத்தில் 90, முன்சக்கரத்தில் 85 பிஎஸ்ஐ என்று வைப்போம். பின்சக்கரத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 44 கிலோ எடை இறங்கும். அந்த எடையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் ரோட்டைத் தொடும் பரப்பு ஏறக்குறைய வரும்: சுமார் 7 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 80க்கு இறக்கினால் அது கிட்டத்தட்ட 8 ஆகும்.

பரப்பு கூடியதால்தான் பிடி கூடுகிறது என்று பலர் விளக்குவார்கள். அது பாதிக் கதைகூட இல்லை. அழுத்தம் அதிகமான டயர் கெட்டியாக இருப்பதால் ரோட்டின் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் குதிக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. குதிக்கிற நொடியில் ரோட்டின் மேல் எடை இறங்குவதில்லை, எடை இல்லாவிட்டால் பிடியும் இல்லை. அழுத்தம் கொஞ்சம் குறைந்த டயர் மேட்டை உள்வாங்கிக்கொண்டு ரோட்டை விடாமல் உருளும், ஜல்லி முனைகள்மேல் நன்றாக அமுங்கவும் செய்யும். காய்ந்த ரோட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிடி குறைவாக இருக்கும் மழையில்தான் இதன் அருமை தெரியும்.

எவ்வளவு இறக்குவது? பத்தில் ஒரு பங்கு. மேலே சொன்ன வண்டிக்கு முன்னே 75, பின்னே 80. டயர் 28 மிமீ என்றால் வழக்கமே குறைவாக, 70க்கும் 75க்கும் பக்கத்தில் இருக்கும், அதிலிருந்து ஏழெட்டு இறக்கினால் போதும். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று அச்சிட்டிருப்பார்கள், அந்த எல்லையை எப்போதும் மீறக்கூடாது.

பாதியாக இறக்குவது ஏன் தப்பு என்றால், நம்ம ரோட்டில் மழைத் தண்ணீர் நின்ற குழி எத்தனை ஆழம் என்று மேலிருந்து தெரியாது. காற்று குறைவான டயர் குழியின் விளிம்பில் இடித்தால் முழுக்க நசுங்கி, உள்ளே இருக்கும் ட்யூப் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டி நறுக்கப்படும். ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் இருக்கும், சைக்கிள்காரர்கள் அதைப் பாம்புக்கடி என்பார்கள். பஞ்சரான ட்யூபில் ஒற்றை ஓட்டை இருந்தால் முள், இரட்டைக் கீறல் இருந்தால் காற்று போதவில்லை. அதோடு, காற்று அதிகம் இறங்கிய டயர் திரும்பும்போது அடியில் நெளியும், வண்டி நாம் காட்டிய பக்கம் போகாமல் இழுபடும்.

வெயில் ஊருக்கென்றே ஒரு கணக்கு உண்டு, இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மதியம் 40 டிகிரி சூட்டில் கிடந்த டயரில் 85 அடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள், வழியில் மழை பிடித்து டயர் 25 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் தானாகவே 4, 5 பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். அதனால் மழை வந்ததும் வால்வை அமுக்கிப் புஸ் என்று குத்துமதிப்பாக விடாதீர்கள், பாதி வேலையை மழையே செய்துவிட்டது. வானம் கறுத்திருந்தால் வீட்டிலேயே, அளவு காட்டும் பம்பில் பார்த்து இறக்கிவிட்டுக் கிளம்புவதுதான் சரி. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில் 70க்கும் 90க்கும் வித்தியாசம் தெரியாது.

அப்புறம் முள். ரோட்டோரம் முழுக்க சீமைக் கருவேலம் நிற்கும் ஊர் இது. மழைத் தண்ணீர் முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் அடித்துக்கொண்டு வந்து ரோட்டின் ஓரத்தில் சேர்க்கும், ஈர ரப்பரில் அவை காய்ந்த ரப்பரை விடச் சுலபமாக இறங்கும். ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கிப் போகாமல், கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டுவது டயருக்கும் நல்லது, பின்னால் வருபவர் கண்ணில் படவும் நல்லது.

பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரம் போகும்?

பாம்பன் சாலைப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1988இல் திறந்த பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கீழே கப்பல் போவதற்காக நடுவில் உயர்ந்து இருபுறமும் இறங்கும். மேட்டிலிருந்து இறங்கும்போது பெடல் போடாமலே வேகம் கூடிவிடும். ரயில் பாலத்தைப் பார்க்கவும் படம் எடுக்கவும் முன்னால் போகும் கார்கள் திடீரென்று நின்றுவிடுவதும் இங்கே சாதாரணம்.

மணிக்கு 30 கிமீ வேகம், மழை, ரிம் பிரேக். ரிம் பிரேக் என்றால் சக்கரத்தின் ரிம்மையே இரண்டு பக்கமும் பிரேக் கட்டை பிடித்து நிறுத்தும் வகை. முன்னால் 25 மீட்டரில் ஒரு கார் நிற்கிறது. 30 கிமீ என்றால் நொடிக்கு 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் லீவரை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விடும், அதற்குள் 8 மீட்டர் கடந்தாச்சு. இது வெயிலிலும் மழையிலும் ஒன்றுதான்.

காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடித்தால் அதற்குமேல் 7 மீட்டரில் நின்றுவிடலாம். மொத்தம் 15, காருக்கு 10 மீட்டர் முன்னாலேயே நின்றாச்சு.

மழையில் இன்னும் இரண்டு விஷயம் சேரும். ரிம் சக்கரத்தின் ஓரத்திலேயே இருப்பதால் முழுக்க நனைந்திருக்கும். லீவரை அழுத்தியதும் கட்டை பிடிப்பதில்லை, முதலில் தண்ணீரைத் துடைக்கிறது. சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் துடைத்துவிடும் என்று வைத்தாலும், ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்பதால் 8 மீட்டர் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடிவிடும். அதற்குப் பிறகும் வெயிலில் பிடித்த அளவுக்கு அழுத்தினால் டயர் வழுக்கும், பாதி அளவே பிடிக்க முடியும் என்றால் நிற்க 14 மீட்டர். மூன்றையும் கூட்டினால் 30 மீட்டர். கார் 25 மீட்டரில் இருக்கிறது.

இதே கணக்கை 20 கிமீ வேகத்தில் போட்டுப் பாருங்கள். யோசிக்கும் நொடியில் ஐந்தரை, ரிம் துடைக்க அதே நாலு சுற்றுக்கு 8, நிற்க 6. மொத்தம் சுமார் 20 மீட்டர். அதாவது மழையில் 20இல் போனாலும், நிற்கிற தூரம் வெயிலில் 30இல் போவதை விடக் கொஞ்சம் கூடத்தான். இவை சமதளத்துக்குத் தோராயமாகப் போட்ட எண்கள், இறக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் தூரமும் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது, காருக்கு முன்னாலேயே நின்றுவிடலாம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

துடைக்கும் அந்த 8 மீட்டரை முன்கூட்டியே செலவழித்துவிடலாம். கடைத்தெரு, பஸ் நிறுத்தம், பாலத்தின் இறக்கம் என்று எதுவும் வரப்போகிறது என்று தெரிந்ததும், வேகம் குறையாத அளவுக்கு இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டு வையுங்கள். முதலில் சத்தமே இல்லாமல் வழுக்கும், பிறகு கட்டை ரிம்மில் உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ரிம் துடைத்தாச்சு, அடுத்த அழுத்தம் உடனே வேலை செய்யும். கரகரவென்று அரைக்கிற சத்தம் என்றால் கட்டையில் மணல் ஏறிவிட்டது, நிறுத்தி பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அது ரிம்மைச் செதுக்கிவிடும்.

அழுத்தும் விதமும் மாறும். வெயிலில் முன்பிரேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்யும். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் திருப்பிச் சமாளிக்க நேரமே கிடைக்காது, பின்சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், அவ்வளவுதான், லீவரைத் தளர்த்தினால் சரியாகிவிடும். அதனால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில், மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். பின்சக்கரம் ஆட ஆரம்பிப்பதுதான் இதற்குமேல் பிடிக்காதே என்கிற எச்சரிக்கை.

டிஸ்க் பிரேக் இந்தக் கதையில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுகிறது. அதில் சக்கரத்தின் நடுவிலுள்ள சின்ன இரும்புத் தட்டைக் கட்டை பிடிக்கும். அங்கே தண்ணீர் குறைவாகப் படும், கட்டையும் பலமாக அழுத்தும், அதனால் துடைக்கும் நேரம் மிகக் குறைவு. 30 மீட்டரில் ஏறக்குறைய 8 மிச்சம், 22இல் நிற்கும், கார் தப்பிக்கும். ஆனால் அந்த 14 மீட்டர் அப்படியேதான் இருக்கிறது, அது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள விவகாரம். லேசாகத் தொட்டாலே பலமாகப் பிடிக்கும் பிரேக் என்பதால், பதறி அழுத்தினால் டயர் வழுக்குவதும் டிஸ்க்கில் சுலபம்.

சுருக்கமாக: மழையில் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு. அதில் ஒரு பங்கு ரிம்மைத் துடைக்கப் போகிறது, அதை முன்கூட்டியே துடைத்து வைக்கலாம். மீதியைக் குறைக்க வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

பார்ப்பது, பார்க்கப்படுவது

ராத்திரி மழையில் ரோடு ஏன் அவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது? காய்ந்த தார் சொரசொரப்பானது, நம் விளக்கின் வெளிச்சம் பட்டால் எல்லாப் பக்கமும் சிதறும், ஒரு பங்கு நம் கண்ணுக்குத் திரும்பி வரும். ஈர ரோட்டில் தண்ணீர் மேல்பரப்பைச் சமமாக்கிவிடுவதால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டது போல முன்பக்கமே தெறித்துப் போய்விடும். நம் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகிறது, அவர் வெளிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. விளக்கைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

பின்னால் வரும் கார்காரர் நிலையையும் யோசியுங்கள். மணிக்கு 60 கிமீயில் வருபவருக்கு ஈர ரோட்டில் நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும், அவர் கண்ணாடியில் வைப்பர் ஒரு தடவை துடைத்து மறுதடவை வருவதற்குள் மறுபடி துளி நிரம்பிவிடும். பளபளக்கும் மஞ்சள் சட்டை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சாயம் சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கித்தான் ஒளிர்கிறது, அதனால் பகல் மழைக்கு அருமை, இருட்டிய பிறகு சாதாரண மஞ்சள்தான். ராத்திரிக்கு வேண்டியது வந்த வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்பும் பட்டை. அதை முதுகில் போடுவதோடு இரண்டு கணுக்காலிலும் கட்டுங்கள், மேலும் கீழும் ஆடும் இரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தால் அது சைக்கிள் மிதிக்கும் ஆள் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும்.

அந்தப் பட்டை பின்னால் விளக்கு பட்டால்தான் வேலை செய்யும், சிவப்பு விளக்கு தானே எரியும், அதனால் விளக்கு கட்டாயம், பகல் மழையிலும். மாட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறு சீட்டுக்குக் கீழே நேராகப் படும், அரை மணி நேரத்தில் விளக்கு மங்கிவிடும். மழைக்கோட்டின் வாலும் அதன் மேலேயே தொங்கும். மட்கார்டு ஒன்று மாட்டினால் சேறு நிற்கும், கோட்டின் வாலை மடித்துவிட்டு விளக்கு தெரிகிறதா என்று கூட வருபவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நம் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், வெள்ளைக் கண்ணாடி போதும், ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்பு உள்ள மெல்லிய தொப்பி போட்டால் துளி நேராகக் கண்ணில் அடிக்காது.

மழை வலுத்துவிட்டால் போகலாமா, நிற்கலாமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. முன்னால் மழைக்குள்ளிருந்து ஏதாவது ஒன்று, ஒரு கிலோமீட்டர் கல்லோ மின்கம்பமோ, முதன்முதலாகக் கண்ணில் தெரிகிற நொடியிலிருந்து நிதானமாக எண்ணுங்கள். மேலே போட்ட கணக்கின்படி 30 கிமீயில் நிற்கத் தேவையான 30 மீட்டரைக் கடக்க மூன்றரை நொடிக்கு மேல் ஆகும், 20இல் 20 மீட்டருக்கும் ஏறக்குறைய அதே மூன்றரை நொடி. ஆகவே நாலு எண்ணுவதற்குள் அந்தக் கல்லை எட்டிவிட்டால், கண் பார்க்கும் தூரத்துக்குள் உங்களால் நிற்க முடியாது. வேகத்தைக் குறைத்து மறுபடி எண்ணுங்கள். மிதவேகத்துக்கு இறங்கியும் நாலு வரவில்லை என்றாலோ, இடி கேட்டாலோ, ரோட்டை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான். தனிப் பனைமரத்தடியில் நிற்காமல், பஸ் நிழற்குடையோ கடை வராந்தாவோ பார்த்து, பின்விளக்கை அணைக்காமல் வண்டியை ரோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள்.